கூலிங் கிளாஸுக்குள் படமெடுத்தவர் தெரிகிறாரா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கூலிங் கிளாஸ் போட்ட முகத்தை நேருக்கு நேர் எடுத்தால், எடுத்தவரும் அந்தக் கண்ணாடிக்குள் வந்து நின்றுவிடுவார். லென்ஸின் வெளிப்பக்கம் குவிந்திருப்பதால் அது ஒரு குவியாடியாகவே வேலை செய்கிறது. எதிரே உள்ள வானம், தரை, மரம், கேமராவோடு நிற்கும் ஆள் எல்லாவற்றையும் சுருக்கித் தன் பரப்புக்குள் அடக்கிக்கொள்ளும். அந்த ஆளை அழிப்பது பெரிய காரியமில்லை. அழித்த பிறகும் அது லென்ஸாகத் தெரிய வேண்டுமே, அங்கேதான் பெரும்பாலான படங்கள் சொதப்புகின்றன.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வகைப் படம். திறந்தவெளி மணல்தரை, சூரியன் எடுப்பவரின் இடது தோளுக்குப் பின்னால், முகம் நேராக, இரண்டு மீட்டர் தூரம், மேலே அடர்ந்து கீழே வெளுக்கும் பழுப்பு நிற லென்ஸ், உள்ளே கண் மங்கலாகத் தெரிகிறது. முகம் பார்க்கும் ஆடி போலப் பளபளக்கும் மிரர் பூச்சு லென்ஸுக்கு இந்த முறை பாதிதான் பொருந்தும். அதைப் பின்னால் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி: உருவம் இருட்டா, வெளிச்சமா?

சாயம் ஏற்றிய சாதாரண லென்ஸின் வெளிப்பரப்பு, நேராக வந்து விழும் ஒளியில் 4 முதல் 5 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. கேமராவுக்கு அங்கிருந்து வருவது இரண்டு ஒளிகளின் கூட்டுத்தொகை: எதிரே உள்ள காட்சியின் பிரதிபலிப்பு ஒன்று, சாயத்தைத் தாண்டி வெளியே வரும் கண், கன்னத்தின் ஒளி இன்னொன்று.

சூரியன் எடுப்பவரின் முதுகுப்பக்கம் இருந்தால் அவருடைய முன்பக்கம் நிழலில் இருக்கும். வெயில் பட்ட மணலை மறைத்துக்கொண்டு ஓர் இருண்ட உருவம் லென்ஸில் விழும். அந்த உருவத்துக்குள் பிரதிபலிப்பு குறைவாக இருப்பதால், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண் மற்ற இடங்களைவிட அங்கே தெளிவாகத் தெரியும். ஆகவே அந்த இடத்தில் குறைந்துபோயிருப்பது மணலின் ஒளி. அந்த ஒளியைத் திரும்பச் சேர்த்துவிட்டால் உருவம் போய்விடும், கண் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சூரியன் எதிராளின் பின்னால் இருந்து, உங்கள் வெள்ளைச் சட்டையில் வெயில் அடித்தால் கணக்கு தலைகீழ். அங்கே உருவம் அதிகப்படியான ஒளி. அதைக் குறைக்க வேண்டும். எந்தக் கருவியை எடுப்பதற்கும் முன் இதைத் தீர்மானியுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இதைப் பார்க்காமல் பிரஷ்ஷை எடுத்ததால் வருபவை.

அறிகுறி: லென்ஸ் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது

உருவத்தோடு சேர்த்து வானம், தொடுவானம், சூரியப் புள்ளி எல்லாவற்றையும் துடைத்துவிட்டீர்கள். வெட்டவெளியில் நிற்கும் ஒருவரின் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாமல் இருக்க வழியில்லை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும்.

இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். மூலப் படத்துக்குத் திரும்புங்கள். தொடவேண்டியது ஆளையும் ஆளின் நிழலையும் மட்டும். இரண்டு லென்ஸிலும் மேலே இடப்பக்கம் விழுந்திருக்கும் சூரியப் புள்ளி வெள்ளையாக வெடித்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். லென்ஸ் வளைந்த, வழவழப்பான பொருள் என்று கண்ணுக்குச் சொல்வது அந்தப் புள்ளிதான்.

அறிகுறி: ஆள் போய்விட்டார், கண்ணும் கூடவே போய்விட்டது

Clone Stamp அல்லது Healing Brush கொண்டு பக்கத்து மணலை உருவத்தின் மேல் பூசினால் இது நடக்கும். நகலெடுத்த துண்டு பிரதிபலிப்பையும் அதன் பின்னால் இருந்த கன்னத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கண் இருந்த இடத்தில் கன்னத்தோல் வந்து உட்காரும். ஒரு லென்ஸில் கண் தெரிந்து மற்றதில் தெரியாமல் போனால் இன்னும் மோசம்.

இங்கேதான் கூட்டல் கணக்கு உதவுகிறது. ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டிலும் Screen என்ற லேயர் முறை உண்டு. கீழே இருப்பதை மறைக்காமல் அதன்மேல் ஒளியைச் சேர்ப்பது அதன் வேலை. படத்தை 16 பிட்டில் வைத்துக்கொண்டு, காலியான புதிய லேயர் ஒன்றைப் போட்டு, அதன் முறையை Screen என்று மாற்றுங்கள். இனி என்ன நிறம் பூசுவது என்பதுதான் கேள்வி. கண்மட்டமாகப் பூசிப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் கணக்குப் போட்டால் ஒரே தடவையில் கிட்டே வந்துவிடும்.

உருவத்தின் உள்ளே ஒரு புள்ளி, அதற்கு ஒட்டினாற்போல் வெளியே ஒரு புள்ளி என்று இரண்டை அளந்துகொள்ளுங்கள். ஒரு நிபந்தனை: இரண்டு புள்ளிக்கும் லென்ஸுக்குப் பின்னால் இருப்பது ஒரே பொருளாக இருக்கவேண்டும். இரண்டும் கன்னத்தின் மேலேயே இருந்தால் நல்லது. ஒன்று கன்னம், ஒன்று புருவம் என்றால் கணக்கு தப்பும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே இதைப் போடுங்கள்:

```
பூசவேண்டியது = 255 − 255 × (255 − வெளியே) / (255 − உள்ளே)
```

நம் படத்தில் உருவத்தின் உள்ளே 52, 40, 34 என்றும், பக்கத்து மணலில் 128, 112, 92 என்றும் வருவதாக வைத்துக்கொள்வோம். சிவப்புக்கு 255−128 = 127, 255−52 = 203; விடை 95. அதேபோல் பச்சைக்கு 85, நீலத்துக்கு 67. பூசவேண்டிய நிறம் 95, 85, 67, அதாவது மங்கலான மணல் நிறம். உருவத்தின் வடிவத்துக்கு மாஸ்க் போட்டு இந்த நிறத்தை நிரப்பினால், கன்னத்தின் மேல் இருந்த பகுதி பக்கத்து மணலோடு சேர்ந்துவிடும். கண்ணின் மேல் இருந்த பகுதியில் மணல் வெளிச்சம் படிந்த மங்கலான கண் தெரியும். எடுத்தவர் அங்கே நின்றிருக்காவிட்டால் கேமரா பதிவு செய்திருப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லென்ஸ் பழுப்பு என்பதற்காகப் பூசும் நிறத்தையும் பழுப்பாக்காதீர்கள். வெளிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி சாயத்துக்குள் நுழைவதே இல்லை. அதனால் வானத்தின் பிரதிபலிப்பு பழுப்பு லென்ஸிலும் நீலச்சாயலோடுதான் இருக்கும். பழுப்பு ஏறுவது உள்ளிருந்து வரும் கண், கன்னத்தின் ஒளியில் மட்டும். மேலே சொன்ன கணக்கு இதைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது. உருவத்தின் தலை வானத்தை மறைத்திருக்கும் இடத்தில் உள்ளே 48, 40, 36, வெளியே 150, 158, 166 என்று வந்தால், விடை 126, 140, 151. நீலம்தான் தூக்கலாக நிற்கிறது, பார்த்தீர்களா?

அறிகுறி: ஆள் மறைந்த இடத்தில் ஆவி நிற்கிறது

ஆவியில் இரண்டு வகை உண்டு. உருவத்தின் ஓரம் மட்டும் கோடாகத் தெரிந்தால் மாஸ்க்கின் அளவு தவறு. இருண்ட கோடு என்றால் மாஸ்க் உருவத்தைவிடச் சிறியது, வெளிச்சக் கோடு என்றால் பெரியது. அதற்கேற்ப மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்ஸல் விரிக்கவோ சுருக்கவோ செய்யுங்கள். ஒரு பக்கம் இருட்டு, எதிர்ப்பக்கம் வெளிச்சம் என்று வந்தால் மாஸ்க்கை அந்த இருட்டுப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். ஓரத்தின் மென்மையும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். படத்தில் உருவத்தின் ஓரம் மூன்று பிக்ஸலில் கரைகிறதென்றால் மாஸ்க்கும் மூன்று பிக்ஸலில் கரையட்டும்.

ஓரம் சரியாகி, உள்ளே சட்டைக் கோடோ கேமரா வாரோ மங்கலாகத் தெரிந்தால், உருவம் முழு இருட்டாக இருக்கவில்லை என்று பொருள். அதிலிருந்தும் கொஞ்சம் பிரதிபலிப்பு வந்துகொண்டிருக்கிறது. Screen லேயருக்குக் கீழே இன்னொரு லேயர் போட்டு, உருவத்தின் உள்ளேயே இருக்கும் இருண்ட பகுதியை எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் அந்தக் கோடுகளின் மேல் மட்டும் பூசிச் சமன் செய்யுங்கள். கேமராவைப் பிடித்த விரல்களும் முகமும்தான் இதில் அதிகம் தொல்லை தருபவை, ஏனென்றால் தோல் சட்டையைவிட வெளிச்சம். அங்கே பூசும்போது கண்ணிமைக் கோட்டைத் தொட்டுவிடாதீர்கள். விரலும் இமையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால், படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்து எது எதுவெனப் பிரித்துக்கொண்ட பிறகே கை வையுங்கள்.

அறிகுறி: தொடுவானம் ஒடிகிறது

உருவம் நின்ற இடத்தில் வானமும் மணலும் சந்திக்கும் கோடு துண்டாகிவிடும். அதை எங்கே எப்படி இணைப்பது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கேமரா இருந்த உயரமே வழிகாட்டி.

எதிராளின் கண்மட்டத்தில் கேமராவைப் பிடித்து எடுத்திருந்தால், லென்ஸில் தொடுவானம் சரியாகக் கேமராவின் பிரதிபலிப்பு வழியாகவே ஓடும், பெரும்பாலும் நேராக. அதாவது உங்கள் நெற்றிதான் வானத்தின் மேல், மற்ற உடம்பு முழுக்க மணலின் மேல். மண்டியிட்டுக் கீழிருந்து எடுத்திருந்தால் தொடுவானம் கேமராவுக்கு மேலே போய், நடுவில் உயர்ந்து இரு முனையும் தாழ்ந்த வில்லாக வளையும். மேலிருந்து எடுத்திருந்தால் கேமராவுக்குக் கீழே வந்து, நடுவில் தொங்கும். நடுவழியே போகாத எந்த நேர்க்கோட்டையும் குவியாடி நடுவிலிருந்து விலகும் திசையில் வளைக்கும் என்பதால் இப்படி.

உருவத்தின் இரு பக்கமும் தெரியும் தொடுவானத் துண்டுகளில் இரண்டிரண்டு புள்ளி வைத்து, பேனா கருவியால் ஒரே சீரான கோடு வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே வான நிறம், கீழே மணல் நிறம் என்று Screen லேயரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூலத்தில் தொடுவானம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கூர்மையாகவே இதையும் விடுங்கள். தூரத்து மரவரிசை இருந்தால் சிறு துண்டை நகலெடுத்து அந்த வளைவின்மேல் திருப்பி வைக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் தனித்த மரத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள். ஒரே மரம் இரண்டு முறை நிற்பதைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அறிகுறி: இரண்டு லென்ஸும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்தது போல இருக்கின்றன

ஒரு லென்ஸைச் சுத்தம் செய்து, அதை இடவலமாகத் திருப்பி மற்றதில் ஒட்டியிருக்கிறீர்கள். நேரம் மிச்சம்தான், ஆனால் சூரியப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். சூரியன் ஒன்றுதான், அது இரண்டு லென்ஸிலும் ஒரே பக்கம், நம் படத்தில் இடப்பக்கம், விழ வேண்டும். திருப்பி ஒட்டினால் ஒன்றில் இடமும் மற்றதில் வலமுமாகப் போகும்.

திருப்பாமல் ஒட்டினாலும் பொருந்தாது. கூலிங் கிளாஸ் முகத்தைச் சுற்றி வளைந்திருப்பதால் ஒவ்வொரு லென்ஸும் சற்று வெளிப்பக்கம் பார்க்கிறது. அதனால் நேராக எடுத்த படத்தில் உங்கள் உருவம் இரண்டிலும் மூக்கை ஒட்டியே விழும்: இடது லென்ஸில் வலப்பக்கமாக, வலது லென்ஸில் இடப்பக்கமாக. சுற்றியுள்ள காட்சியும் அதே அளவு நகர்ந்திருக்கும்.

ஒரு லென்ஸில் மறைந்த காட்சியை இன்னொன்றிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். அதுவும் நடக்காது. இரண்டு லென்ஸுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்ற நீங்கள், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் மறைத்திருப்பீர்கள். ஆகவே இரண்டையும் தனித்தனியாகவே செய்யுங்கள், அளவையும் தனித்தனியாக எடுங்கள்.

அறிகுறி: சரிசெய்த இடம் மட்டும் மெழுகு பூசியது போல வழுக்குகிறது

Screen முறை உள்ளே இருந்த நுண்புள்ளிகளையும் அமுக்கிவிடும். மேலே போட்ட கணக்கில் சிவப்பில் இருந்த ஏற்ற இறக்கம் சுமார் 63 விழுக்காடாகக் குறைந்திருக்கும். அதனால் சுற்றியுள்ள மணலில் நுண்புள்ளி தெரிய, சரிசெய்த இடம் மட்டும் வழவழக்கும். அதே மாஸ்க்கோடு ஒரு லேயர் போட்டுக் கொஞ்சம் இரைச்சல், அதாவது நுண்புள்ளி, சேர்த்து, 200 விழுக்காட்டில் பெரிதாக்கி, உள்ளும் புறமும் ஒன்றாகும்வரை கூட்டுங்கள். சாதாரண அளவில் பார்த்துக்கொண்டே இதைச் செய்தால் கட்டாயம் அதிகமாகிவிடும்.

எதிர்த்திசைக் கோளாறும் உண்டு: சரிசெய்த இடம் மட்டும் கூர்மையாகத் தெரிவது. நடுத்தர வளைவுள்ள கூலிங் கிளாஸின் பரப்பு ஏறக்குறைய 88 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் துண்டு. அது காட்டும் பிம்பம் லென்ஸின்மேல் இருப்பதில்லை. நான்கு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாகப் பின்னால் உருவாகிறது. அகலத் துளையில் ஃபிரேமின்மேல் ஃபோகஸ் வைத்து எடுத்திருந்தால், ஃபிரேம் கூர்மையாகவும் பிரதிபலிப்பு லேசாக மங்கியும் இருப்பதுதான் இயல்பு. நீங்கள் வரைந்த தொடுவானம், சேர்த்த மரவரிசை எதுவும் பக்கத்துப் பிரதிபலிப்பைவிடக் கூர்மையாக இருக்கக்கூடாது.

அறிகுறி: ஆள் இல்லை, நிழல் இருக்கிறது

சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் உங்கள் நிழல் எதிராளை நோக்கி நீளும். லென்ஸில் அது உங்கள் காலடியிலிருந்து கீழ் ஓரம் வரை இறங்கும். ஆளை எடுத்துவிட்டு நிழலை விடுவது அடிக்கடி நடப்பதுதான். அதற்கும் அதே கணக்கு, அதே Screen லேயர். ஆனால் நிழலுக்குள் அளவு வேறாக இருக்கும் என்பதால் புதிதாக அளந்துகொள்ளுங்கள். லென்ஸின் கீழ்ப்பகுதியில் சாயம் குறைவு, கன்னம் வெளிச்சமாகத் தெரியும், நிழல் அதனால் மங்கலாகவே இருக்கும். சேர்க்கவேண்டிய ஒளியும் கொஞ்சம்தான். எதிராளின் சொந்த நிழல் அவருக்குப் பின்னால் விழுவதால் அது குறித்துக் கவலை வேண்டாம்.

நிழலைத் தேடும்போதே உலோக ஃபிரேமின் பளபளப்பையும் மூக்குப் பாலத்தையும், அங்கேயும் நீங்கள் தெரிகிறீர்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

மிரர் லென்ஸ் என்றால்

பூச்சு பெரும்பாலான ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பின்னால் கண் தெரியாது. காப்பாற்ற ஒன்றும் இல்லாததால் நகலெடுத்துப் பூசலாம், அந்த வகையில் எளிது. ஆனால் பிரதிபலிப்பு பளிச்சென்று இருப்பதால், மறைந்த இடத்தில் இருந்திருக்கவேண்டிய காட்சியை முழுமையாகக் கட்டியெழுப்ப வேண்டும். வெறும் வானமும் மணலும் என்றால் முடியும். பின்னால் கட்டடமும் கூட்டமும் இருந்தால் நான் ஆளை முழுதாக எடுக்க முயல்வதில்லை. கேமராவையும் முகத்தையும் இருட்டாக்கி, ஆடை விவரத்தைச் சமன் செய்து, யாரோ தூரத்தில் நிற்பதுபோல் உருவத்தைச் சிறிதாக்கி விட்டுவிடுவேன். அரைகுறையாகக் கட்டிய கட்டடத்தைவிட அடையாளம் தெரியாத ஓர் ஆள் எவ்வளவோ மேல். பூச்சு நிறமுள்ளதாக இருந்தால் பிரதிபலிப்பும் அந்த நிறத்திலேயே வரும். சாதாரண லென்ஸுக்குச் சொன்ன நிற எச்சரிக்கை இங்கே செல்லாது. செய்திப் படமாக இருந்தால் இதில் எதையுமே செய்யக்கூடாது.

எடுக்கும்போதே குறைத்துக்கொள்ள

போலரைஸர் ஃபில்டர் இதைத் தீர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். நேர் எதிரே நிற்கும் உங்கள் பிரதிபலிப்பு லென்ஸில் ஏறக்குறைய செங்குத்தாகப் பட்டுத் திரும்புகிறது. அந்தக் கோணத்தில் ஒளி போலரைஸ் ஆவதில்லை. சுமார் 56 பாகைச் சாய்வுக்குப் பக்கத்தில்தான் அந்த ஃபில்டர் நன்றாக வேலை செய்யும். கூலிங் கிளாஸே போலரைஸ்டு வகையாக இருந்து ஃபில்டரும் குறுக்காக நின்றால், பிரதிபலிப்பு அப்படியே இருக்கக் கண் மட்டும் இருண்டுபோகும்.

தலையைச் சற்றுக் கவிழ்க்கச் சொல்வதும் தட்டை லென்ஸில்தான் முழுப் பலன் தரும். மேலே சொன்ன 88 மில்லிமீட்டர் வளைவில், 10 பாகை கவிழ்த்தால் உருவம் சுமார் 15 மில்லிமீட்டர் மேலே நகரும்; லென்ஸைவிட்டு வெளியே போகாது. ஆனால் கண்ணின் மேலிருந்து புருவத்தின் மேல் போய்விடும், சரிசெய்யும் வேலை பாதியாகும்.

தூரம் இன்னும் உறுதியான வழி. அதே லென்ஸில் 1.7 மீட்டர் உயர ஆள் இரண்டு மீட்டரில் நின்றால் 36 மில்லிமீட்டர் உயரத்துக்கு, அதாவது லென்ஸை ஏறக்குறைய நிறைத்துக்கொண்டு, தெரிவார். நான்கு மீட்டருக்குப் போய் நீண்ட குவியத்தூர லென்ஸால் எடுத்தால் அது 18 மில்லிமீட்டர்.

முக்காலி இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். நல்ல படம் கிடைத்ததும் எதிராளை அசையாமல் இருக்கச் சொல்லி, டைமரை 10 நொடிக்கு வைத்து, நீங்கள் அவருடைய தோளுக்குப் பின்னால் போய்விடுங்கள். பக்கவாட்டில் ஒதுங்கினால் போதாது, குவிந்த லென்ஸ் பக்கவாட்டையும் பார்க்கும். அந்தப் படத்தில் மெலிந்த முக்காலியும் கேமராவும் மட்டும் மிஞ்சும். உருவம் மறைத்திருந்த மணலையும் தொடுவானத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தலை ஒரு பாகை திரும்பியிருந்தாலும் பிரதிபலிப்பு நகர்ந்துவிடும் என்பதால், ஒட்டும்போது முகத்தை வைத்துப் பொருத்தாமல், சூரியப் புள்ளியையும் தொடுவானத்தையும் வைத்துப் பொருத்துங்கள்.